கடல் கடந்தவரின் காணியும் காசும்: தண்ணீரூற்றிலிருந்து எழும் ஒரு நெடுங்கேள்வி

மாங்குளத்திலிருந்து முல்லைத்தீவுக்குப் போகும் ஏ-34 வீதியில் முள்ளியவளையை ஒட்டி இருக்கிறது தண்ணீரூற்று. கரைதுறைப்பற்றுப் பிரதேச செயலகப் பிரிவைச் சேர்ந்த இந்த ஊரின் காணிகளுக்கு உரித்தாளர்கள் பலர் இன்று ரொறன்ரோவிலும் பாரிசிலும் லண்டனிலும் இருக்கிறார்கள். 1990 ஒக்டோபரில் வெளியேற்றப்பட்ட முஸ்லிம் குடும்பங்களின் காணிகளும், 2008ஆம் ஆண்டின் கடைசி மாதங்களில் ஊரே இடம்பெயர்ந்தபோது விட்டுப்போன காணிகளும் இதே மண்ணில்தான் இருக்கின்றன. போனவர்களில் ஒரு பகுதியினர் திரும்பினர். ஏனையோர் வேறு நாடுகளின் குடிமக்களாகிவிட்டனர். காணியோ போன இடத்துக்குக் கூடவே வருவதில்லை. உரித்தாளர் இல்லாத இடத்தில் அவருடைய காணியும் சேமிப்பும் யார் கையில், எந்த ஏற்பாட்டின்கீழ் இருக்க வேண்டும் என்ற கேள்விக்கு இந்தச் சமூகம் குறைந்தது 100 ஆண்டுகளாகப் பல விடைகளைச் சொல்லி வந்திருக்கிறது. அவற்றுள் முதன்மையான நான்கையும், ஒவ்வொன்றும் எங்கே தாங்குகிறது, எங்கே முறிகிறது என்பதையும் இக்கட்டுரை பார்க்கிறது.

முதல் விடை: உறவே உறுதி

மிகப் பழைய விடை, எழுத்தில்லாமல் உறவினரிடம் விட்டுப்போவது. பிரித்தானியர் காலத்தில் மலாயாவுக்கு எழுதுவினைஞராகவும் ரயில்வே உத்தியோகத்தராகவும் போன வடபகுதித் தமிழர், அனுப்பிய பணத்தில் ஊரில் காணி வாங்கினார்கள். வாங்கியவர் தமையனோ மைத்துனரோ. பல வேளைகளில் உறுதியும் அவர் பெயரிலேயே எழுதப்பட்டது. 1980களுக்குப் பின் ஐரோப்பாவுக்கும் கனடாவுக்கும் போனவர்களும் பெரும்பாலும் அதே வழியைப் பின்பற்றினர். ஒரே வேறுபாடு, பணம் வந்த வழி. வங்கிகள் இயங்காத, பாதைகள் மூடிய காலத்தில் உண்டியல்தான் வன்னிக்குப் பணம் கொண்டுவந்தது. வேகமாகவும் மலிவாகவும் வந்தது. எந்தத் தடமும் இல்லாமல் வந்தது.

இந்த ஏற்பாட்டை அறியாமை என்று ஒதுக்குவது நியாயமல்ல. இலங்கைச் சட்டமே இதற்குக் குறிப்பிடத்தக்க ஆதரவு தருகிறது. 1917ஆம் ஆண்டின் நம்பிக்கைப் பொறுப்புக் கட்டளைச் சட்டத்தின் 84ஆம் பிரிவின்படி, காணி ஒருவர் பெயருக்கு எழுதப்பட்டாலும் அதற்கான பணத்தை வேறொருவர் கொடுத்திருந்து, அன்பளிப்பாகக் கொடுக்கும் எண்ணம் அவருக்கு இல்லையென்றால், பெயர்கொண்டவர் பணம் கொடுத்தவருக்காகவே அதை வைத்திருக்கிறார். 83ஆம் பிரிவு இதன் மறுபக்கம்: சொந்தக் காணியைப் பாதுகாப்புக்காக ஒருவருக்கு மாற்றி எழுதியவர், அதன் பயனுரிமையையும் கொடுத்துவிட எண்ணியதாகச் சூழ்நிலைகள் காட்டாவிட்டால், அந்தப் பயன் எழுதியவருக்கே உரியது.

வாய்ச்சொல்லை நம்பியவருக்கும் இப்படி ஒரு கதவு திறந்தே இருக்கிறது. ஆனால் அதன் வழியே போவதற்குச் சான்று வேண்டும். யார் பணம், எப்போது, எந்த வழியாக வந்தது என்று நீதிமன்றத்தில் காட்ட வேண்டும். உண்டியலில் வந்த பணத்தை எதைக் கொண்டு காட்டுவது? அனுப்பியவரும் வாங்கியவரும் உயிரோடிருக்கும்வரை இது பெரும்பாலும் சிக்கலாவதில்லை. இருவரில் ஒருவர் இறந்து, அடுத்த தலைமுறை பேச்சுக்கு வரும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. தமையனின் பிள்ளைகள் பொய் சொல்ல வேண்டியதில்லை. அவர்களுக்கு உண்மையிலேயே தெரியாமலிருக்கலாம்.

பத்து ஆண்டு என்ற அச்சம்

உறவினரிடம் விட்டுவைத்த காணியைப் பற்றி வெளிநாட்டில் இருப்போர் மிகுதியாகக் கேட்கும் கேள்வி, ‘பத்து வருசம் இருந்தால் அவர்களுக்கே சொந்தமாகிவிடுமா?’ என்பது. 1871ஆம் ஆண்டின் ஆட்சியுரிமைக் கட்டளைச் சட்டத்திலிருந்து வரும் அச்சம் இது. அதன் 3ஆம் பிரிவின்கீழ், உரித்தாளருக்கு எதிராகவும் இடையீடின்றியும் 10 ஆண்டு ஆட்சி செய்தவர் உரித்துப் பெறலாம். ‘எதிராக’ என்பதுதான் இதில் உயிரான சொல். பேச்சுவழக்கில் அது உதிர்ந்து, 10 ஆண்டு மட்டும் மிஞ்சிவிட்டது.

நீதிமன்றங்கள் இந்த எதிர்நிலையைப் பற்றி நூறாண்டுக்கு மேலாக ஆராய்ந்து வந்திருக்கின்றன. 1903இல் கோமறைக் கழகம் தீர்த்த நகுதா மரிக்கார் எதிர் முகம்மது வழக்கு, முகவராகவோ அனுமதி பெற்றவராகவோ உள்ளே வந்தவர் அந்த நிலையை வெளிப்படையான செயலால் உதறாதவரை எத்தனை ஆண்டு இருந்தாலும் ஆட்சியுரிமை பெறமாட்டார் என்ற நெறியை நிலைநாட்டியது. 1911இல் கொரேயா எதிர் இசேரிஸ் அப்புகாமி வழக்கு இதைக் கூட்டு உரித்தாளர்களுக்கும் விரித்தது. ஒரு பங்காளியின் ஆட்சி எல்லாப் பங்காளிகளின் ஆட்சியாகும். மற்றவர்களை வெளியேற்றியதாகக் காட்டினாலன்றி அது அவருக்கு மட்டும் உரியதாகாது. தாய்தந்தையர் வீட்டில் தம்பி இருக்க, மற்றவர்கள் கனடாவில் இருக்கும் குடும்பங்களுக்கு இத்தீர்ப்பு இன்றும் பெரிய அரண். ஆனால் 1918இல் திலகரத்ன எதிர் பஸ்தியான் வழக்கு அந்த அரணில் ஒரு வாசல் வைத்தது. மிக நீண்ட காலத் தனியாட்சியும் அதைச் சூழ்ந்த நிகழ்வுகளும் சேர்ந்தால், வெளியேற்றம் நடந்ததென்று ஊகிக்கலாம் என்றது அத்தீர்ப்பு. எத்தனை ஆண்டு போதும், எந்தச் செயல் போதும் என்பது வழக்குக்கு வழக்கு மாறுகிறது.

பலரும் அறியாத இன்னொரு பாதுகாப்பும் அதே சட்டத்தில் உண்டு. 13ஆம் பிரிவு, வயதுவராமை, மனநலக் குறைவு ஆகியவற்றோடு ‘கடல் கடந்து இருத்தலை’யும் ஓர் இயலாமையாகக் கொள்கிறது. உரிமை கோரும் காரணம் முதலில் எழுந்த வேளையில் உரித்தாளர் நாட்டில் இல்லையென்றால், அந்த இயலாமை நீடிக்கும்வரை காலம் அவருக்கு எதிராக ஓடாது. கப்பலே வழியாக இருந்த காலத்தில் எழுதப்பட்ட இந்த வாசகம், விமானத்தில் போனவருக்கும் பொருந்துகிறது. ஆயினும் எல்லை உண்டு. எதிரான ஆட்சி 30 ஆண்டைத் தாண்டினால் எந்த இயலாமையும் துணை வராது. 1990களின் தொடக்கத்தில் நாட்டைவிட்டுப் போனவர்களுக்கு, போன நாளிலிருந்து எண்ணினால், 30 ஆண்டு ஏற்கெனவே கடந்துவிட்டது. ஆனால் அவர்கள் கணக்குப் பார்க்க வேண்டியது போன ஆண்டை அல்ல. ஆட்சி எப்போது எதிரானதாக மாறியது என்பதையே பார்க்க வேண்டும்.

2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் போர்க்காலத்தைத் தனியாகக் கையாண்டது. ஆயுதக் குழுக்களின் செயற்பாட்டால் தம் உரிமையைத் தொடர முடியாதிருந்தோருக்கு, 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்தை ஆட்சியுரிமைக் கணக்கிலிருந்து விலக்கியது. 1990இல் வெளியேற்றப்பட்டோருக்கு அது பொருந்தும் விதம் தெளிவு. படை நடவடிக்கையால் இடம்பெயர்ந்தோர் அந்த வரையறைக்குள் எவ்வளவு தூரம் வருகிறார்கள் என்பது அவ்வளவு தெளிவல்ல. வழக்குத் தொடுக்கக் குறுகிய அவகாசமே தரப்பட்டதால், வெளிநாட்டில் இருந்தோர் பலருக்கு அச்செய்தி போய்ச்சேருமுன்னே காலம் முடிந்திருக்கக்கூடும்.

இரண்டாம் விடை: அற்றோர்ணித் தத்துவம்

வாய்ச்சொல்லின் குறையை நிரப்ப வந்த எழுத்து, அற்றோர்ணித் தத்துவப் பத்திரம். 1902ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் இதன் அடிப்படை. 2022இல் காணி மோசடிகளைத் தடுக்கவென ஒருசேர நிறைவேறிய திருத்தங்களில் இதன் திருத்தமும் அடங்கும். நொத்தாரிசு, மரணசாசனம், மோசடித் தடுப்பு ஆகியவற்றுக்கான சட்டங்களும் அப்போது திருத்தப்பட்டன. எனவே பழைய மாதிரிப் படிவத்தை நகலெடுத்துக் கையொப்பமிடுவது இப்போது பாதுகாப்பானதல்ல.

நடைமுறை இப்படிப் போகிறது. ஊரிலுள்ள பிரசித்த நொத்தாரிசு, உறுதியின் அட்டவணையைப் பார்த்துப் பத்திரத்தை வரைகிறார். வெளிநாட்டில் இருப்பவர் இலங்கைத் தூதரகத்திலோ துணைத்தூதரகத்திலோ நேரில் தோன்றிக் கையொப்பமிடுகிறார். 1981ஆம் ஆண்டின் கொன்சியுலர் அலுவல்கள் சட்டம் அங்குள்ள அலுவலருக்கு இதற்கான அதிகாரத்தைத் தருகிறது. வேறு நாட்டு நொத்தாரிசு முன் கையொப்பமிட்டால், அந்தக் கையொப்பத்தை உறுதிப்படுத்தும் அடுத்தடுத்த சான்றுகளும் வேண்டியிருக்கும். மூலப் பத்திரம் இலங்கைக்கு வந்தபின் பதிவாளர் நாயகத்தின் கீழுள்ள அலுவலகத்தில் பதியப்பட வேண்டும். பதியாத பத்திரத்தை வங்கியும் காணிப் பதிவகமும் ஏற்பதை எதிர்பார்க்க முடியாது. கொடுப்பவர் மணமான பெண்ணாகவும் தேசவழமைக்கு உட்பட்டவராகவும் இருந்தால், 1911ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டப்படி அசையாச் சொத்தைக் கைமாற்றக் கணவரின் எழுத்துமூலச் சம்மதமும் வேண்டும். சீதனக் காணிக்கும் இது பொருந்தும். கணவர் காணாமற்போன பெண்கள் பலர் வாழும் மாவட்டத்தில் இந்த ஒரு நிபந்தனையே குடும்பங்களை மாவட்ட நீதிமன்றத்துக்கு அனுப்புகிறது. சம்மதம் பெற முடியாதபோது அதற்குப் பதிலாக ஆணை தர நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு.

பொதுத் தத்துவமா, சிறப்புத் தத்துவமா என்பதில்தான் கருத்துகள் பிரிகின்றன. பொதுத் தத்துவத்தை ஆதரிப்போர் சொல்வதில் நியாயம் உண்டு. எல்லைப் பிரச்சினை, மின் இணைப்பு, பிரதேச சபை வரி, வங்கி என்று ஒவ்வொன்றுக்கும் புதிய பத்திரம் எழுத ஒருவர் வேலைக்கு விடுப்பெடுத்துத் தூதரகம் போக முடியாது. எதிர்ப்போர் சொல்வது இன்னும் வலிமையானது. விற்கும் அதிகாரம் தந்த பொதுத் தத்துவம் கையில் இருக்க, உரித்தாளருக்குத் தெரியாமலே காணி கைமாறலாம். வாங்கியவர் நல்லெண்ணத்தோடு பணம் கொடுத்து, பதிவிலும் முந்திவிட்டால், 1927ஆம் ஆண்டின் ஆவணப் பதிவுக் கட்டளைச் சட்டம் பதிவின் முந்துரிமைக்குத் தரும் மதிப்பு அவர் பக்கம் நிற்கும். மிஞ்சுவது சகோதரனுக்கு எதிரான கணக்குக் கேட்பு வழக்கு மட்டுமே.

என் மதிப்பீட்டில் சிறப்புத் தத்துவமே சரியான வழி. ஆனால் அதை ஒடுக்கமாக எழுதத் தெரிய வேண்டும். பராமரித்தல், குத்தகைக்குக் கொடுத்துப் பணம் பெறுதல், அரச அலுவலகங்களில் தோன்றுதல், அத்துமீறியவர் மீது வழக்குத் தொடுத்தல் ஆகியவற்றை ஒரு பத்திரத்தில் தரலாம். விற்றல், ஈடுவைத்தல், நன்கொடை எழுதல் ஆகிய மூன்றும் அதில் இல்லை என்பதை வெளிப்படையாக எழுதிவிடுவது நல்லது. விற்பனை நடக்கும் வேளையில் அந்த ஒரு காணிக்கு, அந்த ஒரு கொள்வனவாளருக்கு, குறிப்பிட்ட விலைக்குக் குறையாமல், குறிப்பிட்ட காலத்துக்குள் என்று தனிப் பத்திரம் எழுதலாம். தத்துவத்தை நீதிமன்றங்கள் இறுக்கமாகவே வாசிக்கின்றன. சொல்லாத அதிகாரம் இருப்பதாகக் கொள்வதில்லை. அந்த இறுக்கம் கொடுத்தவருக்குப் பாதுகாப்பு.

அற்றோர்ணித் தத்துவத்தைப் பற்றி மிகக் குறைவாகப் பேசப்படும் குறை அதன் ஆயுள். கொடுத்தவர் இறந்தால் அது முடிகிறது. ‘அப்பா எழுதித் தந்த பவர் இருக்கு’ என்று அவர் இறந்த பின்னும் காணியைக் கையாள்வது பின்னால் உறுதியையே கெடுக்கும். கொடுத்தவர் நினைவாற்றலை இழந்தாலும் இதே நிலைதான். 1902ஆம் ஆண்டுச் சட்டத்தின் அடிப்படை அமைப்பில், மனத்திறன் இழந்தபின்னும் தொடரும் தத்துவத்துக்கு இடமில்லை. ஒன்ராறியோவில் எழுதிய தொடர் தத்துவமோ, பிரித்தானியாவில் 2005ஆம் ஆண்டின் மனத்திறன் சட்டத்தின்கீழ் எழுதிய நிலைத்த தத்துவமோ தண்ணீரூற்றுக் காணிக்குத் தானாகப் பொருந்தும் என்று எண்ணக்கூடாது. 1980களில் போன தலைமுறை இப்போது எழுபதுகளில் இருக்கிறது. மறதிநோய் வந்த ஒருவரின் காணியை அசைக்க மாவட்ட நீதிமன்றத்தின் நியமனம் தேவைப்படும். தத்துவம் எழுதுவதோடு நிற்காமல், மரணசாசனம் அல்லது சீவிய உருத்து வைத்த நன்கொடை உறுதி பற்றியும் அதே வேளையில் முடிவெடுக்க வேண்டியது இதனால்தான்.

மூன்றாம் விடை: எழுதிக் கொடுத்துவிடுதல்

பிள்ளைகள் இனி வரமாட்டார்கள், ஊரில் இருப்பவருக்கே எழுதிவிடுவோம் என்பது ஒரு நிலைப்பாடு. நேர்மையானது, பல குடும்பங்களுக்குப் பொருத்தமானதும்கூட. ஆனால் ‘இப்போதைக்கு எழுதி வைப்போம், பிறகு திருப்பி எடுப்போம்’ என்று செய்வோர் 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டத்தை மறந்துவிடுகிறார்கள். வெளிநாட்டவருக்குக் காணி கைமாற்றுவதை அது தடுக்கிறது. மீறி எழுதிய உறுதி தொடக்கம் முதலே செல்லாது. இலங்கைச் சட்டப்படி வேறு நாட்டுக் குடியுரிமை பெற்றவர், இரட்டைப் பிரசாவுரிமை பெறாவிட்டால், வெளிநாட்டவர்தான். அவர் ஏற்கெனவே வைத்திருந்த காணியை இச்சட்டம் பறிப்பதில்லை. வழியுரிமையாகவோ, வழியுரித்தாளர் என்ற நிலையில் நெருங்கிய உறவினரிடமிருந்து நன்கொடையாகவோ பெறவும் விதிவிலக்கு உண்டு. சிக்கல் திருப்பி வாங்கும்போதுதான் வருகிறது. தம்பிக்குப் பிள்ளைகள் இருக்கையில் அக்காவை அவருடைய வழியுரித்தாளராகக் கொள்ள முடியுமா என்பது கேள்விக்குரியது. பாதுகாப்புக்காக எழுதிய உறுதி, சட்டம் அனுமதிக்காததால் ஒருவழிப் பாதையாகிவிடலாம். இரட்டைப் பிரசாவுரிமையை முதலில் எடுத்துக்கொண்டு காணி வேலைகளைத் தொடங்குவது இந்த ஒரு காரணத்துக்காகவே பயனுள்ளது.

பேர்மிற் காணி: எந்த விடையும் பொருந்தாத நிலம்

மேலே சொன்ன அனைத்தும் உறுதிக் காணிக்கானவை. வன்னியில் பெரும்பகுதி வயலும் மேட்டுக்காணியும் 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின்கீழ் வழங்கப்பட்ட அனுமதிப்பத்திரக் காணிகள். அவை அரசின் நிலங்கள். பேர்மிற் வைத்திருப்பவருக்கு இருப்பது நிபந்தனையுடன் கூடிய உரிமை. குடியிருக்க வேண்டும் அல்லது பயிரிட வேண்டும். விட்டுவிட்டால் அறிவித்தல் கொடுத்து இரத்துச் செய்யலாம். விற்க முடியாது. அளிப்புப் பத்திரமாக உயர்ந்தாலும் கைமாற்றப் பிரதேச செயலாளரின் எழுத்துமூல இசைவு வேண்டும். பேர்மிற்றைக் காட்டி ‘விற்ற’தாக எழுதிய கடிதங்களுக்கும், அவற்றை நிறைவேற்றக் கொடுத்த அற்றோர்ணித் தத்துவங்களுக்கும் சட்டத்தில் வலுவில்லை.

ஒரு குடும்பத்தை எடுத்துக்காட்டாகக் கற்பனை செய்வோம். தண்ணீரூற்றில் தாயின் சீதனமாக வந்த அரை ஏக்கர் வீட்டுக்காணி உறுதிக் காணி. தந்தை பெயரில் குளத்தின்கீழ் இரண்டு ஏக்கர் வயல் பேர்மிற் காணி. மூத்த மகள் ரொறன்ரோவில் கனேடியப் பிரசை. நடு மகன் பாரிசில். கடைசி மகன் ஊரில் வீட்டிலேயே இருந்து வயலும் செய்கிறார். தந்தை 2012இல் இறக்கிறார். தனக்குப்பின் பாரிஸ் மகனைப் பின்னுரித்தாளராகப் பெயர் குறித்திருந்தார். தாய் வயலைச் சீவியகாலம் வைத்திருந்து, 2020 மே மாதம் மரணசாசனம் எழுதாமல் இறக்கிறார்.

வீட்டுக்காணி மூவருக்கும் மூன்றிலொரு பங்காகப் போகிறது. மகள் கனேடியப் பிரசையாக இருந்தாலும் வழியுரிமைக்குத் தடையில்லை. தம்பி வீட்டில் இருப்பது கொரேயா வழக்கின் நெறிப்படி மூவரின் ஆட்சி. உடனடி ஆபத்து இல்லை. ஆனால் தம்பி வீட்டைத் திருத்த வங்கிக் கடன் கேட்டால், பிரிக்காத பங்கு ஈட்டுக்குப் போதாது. அப்போது அக்காவும் அண்ணனும் ஈடுவைக்கும் தத்துவத்தைத் தம்பிக்கே கொடுப்பது தவறான வழி. தம்பியின் கடனுக்குத் தம்பியே மற்றவர்களின் பங்கை ஈடுவைப்பதாகிவிடும். கடன் முறிந்தால் மூவரின் காணியும் போகும். அளவையாளரைக் கொண்டு படம் வரைந்து, பங்கீட்டு உறுதியால் மூன்றாகப் பிரித்து, தம்பி தன் துண்டை மட்டும் ஈடுவைப்பதே சரி. அதற்கு வேண்டியது அந்த ஒரு பங்கீட்டு உறுதியில் கையொப்பமிடும் சிறப்புத் தத்துவம். பிரிக்குமுன்னே மகள் தன் பங்கை விற்க நினைத்தால், தேசவழமையின்கீழ் பங்காளிகளுக்கும் வழியுரித்தாளருக்கும் உள்ள முன்கொள்வனவு உரிமை பற்றி 1947ஆம் ஆண்டின் சட்டத்தின்படி அறிவித்தல் கொடுத்தே விற்க வேண்டும்.

வயலின் கதை வேறு. காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் 68ஆம் பிரிவின்படி, பெயர் குறிக்கப்பட்ட பின்னுரித்தாளர் ஆறு மாதத்துக்குள் காணியின் ஆட்சியை ஏற்காவிட்டால் அவர் உரித்து இழக்கிறார். தாய் 2020 மேயில் இறந்தார். ஆறு மாதம் நவம்பரில் முடிந்தது. கொரோனாவால் அந்தக் காலம் முழுவதும் கட்டுநாயக்க விமான நிலையம் வழமையான வருகைக்கு மூடியிருந்தது. 2021 ஜனவரியில்தான் மீளத் திறந்தது. அண்ணன் சார்பாகத் தம்பி வயலுக்குள் இருந்தது அண்ணனின் ஆட்சியாகுமா? அண்ணன் சார்பாக என்று காட்டும் கடிதம் ஒன்றாவது பிரதேச செயலகக் கோவையில் இருக்கிறதா? கோவையில் எதுவும் இல்லையென்றால், தம்பி தனக்காகவே பயிரிட்டார் என்பதே காகிதம் சொல்லும் கதை. அண்ணன் உரிமையை விட்டுக்கொடுத்து, தம்பியின் பெயருக்குப் பேர்மிற் மாற்றப் பிரதேச செயலகத்தில் விண்ணப்பிப்பதே நடைமுறையில் குறைந்த இடரான வழி. தந்தை உயிரோடிருந்தபோதே ஊரில் இருந்த மகனைப் பின்னுரித்தாளராக மாற்றியிருந்தால் இந்தக் கேள்வியே எழுந்திராது. பெயர் குறிக்காதபோது ஆண்பிள்ளைக்கு முதலிடம் தந்த பழைய ஒழுங்கு 2022ஆம் ஆண்டுத் திருத்தத்தோடு நீங்கியது. இருப்பு வேண்டும் என்ற நிபந்தனை நீங்கவில்லை.

நான்காம் விடை: காணியைவிடக் காசு

எல்லாவற்றையும் விற்றுப் பணமாக்கி வங்கியில் வைப்பதே நல்லது என்போரும் உண்டு. வன்னியில் இந்த விடைக்குச் செல்வாக்குக் குறைவு. அதற்குக் காரணமும் இருக்கிறது. 1994இல் தொடங்கிய தமிழீழ வைப்பகத்தில் போட்ட சேமிப்பும் அடகு வைத்த நகையும் 2009இல் என்னவாயின என்பதை இந்த மாவட்டம் மறக்கவில்லை. அரச வங்கியில் இருந்த ரூபாயும் பாதுகாப்பாக இருந்ததென்று சொல்ல முடியாது. 2022 தொடக்கத்தில் ஒரு டொலர் ஏறக்குறைய 200 ரூபாய். மே மாதத்தில் 360ஐத் தாண்டியது. இருபது இலட்சம் ரூபாய் நிலையான வைப்பு, 10,000 டொலரிலிருந்து சில வாரங்களில் 5,500 டொலருக்குச் சுருங்கியது. பிறகு 20 வீதத்துக்கு மேற்பட்ட வட்டியும் ரூபாயின் ஓரளவு மீட்சியும் ஒரு பகுதியைத் திருப்பித் தந்தன. வெளிநாட்டுப் பணத்தில் செலவு செய்பவர் இந்த ஏற்றத்தாழ்வைத் தானே சுமக்க வேண்டும்.

கணக்கு வகையும் முக்கியம். 2017ஆம் ஆண்டின் வெளிநாட்டுச் செலாவணிச் சட்டத்தோடு, பழைய என்.ஆர்.எப்.சி. போன்ற கணக்குகள் தனிப்பட்ட வெளிநாட்டு நாணயக் கணக்கு என்ற ஒன்றுக்குள் வந்தன. வெளியிலிருந்து கொண்டுவரும் பணத்தை உள்முக முதலீட்டுக் கணக்கு வழியாக அனுமதிக்கப்பட்ட முதலீட்டில் போட்டால், விற்ற பணத்தையும் அதே வழியில் வெளியே கொண்டுபோகலாம். ஊரில் இருந்த பரம்பரைச் சொத்தை விற்ற பணத்துக்கு அந்தச் சுதந்திரம் இல்லை. அது குடிபெயர்ந்தோருக்கான வரம்புக்கு உட்பட்டது. முதன்முறை 200,000 டொலராக இருந்த அந்த வரம்பு, 2020இலிருந்து வந்த கட்டளைகளால் நிறுத்தப்பட்டும் குறைக்கப்பட்டும் மாறி வந்திருக்கிறது. விற்பனை உறுதியில் கையொப்பமிடுமுன், அந்த வாரத்தில் நடைமுறையில் உள்ள தொகையை வங்கியின் தலைமையகத்தில் எழுத்தில் கேட்டுவைப்பது நல்லது. உண்டியலில் வந்த பணத்தால் வாங்கிய காணி இங்கேயும் இடர்ப்படுகிறது. வெளியிலிருந்து பணம் வந்ததற்குச் சான்று இல்லாததால், அது உள்நாட்டுச் சொத்தாகவே கணக்கிடப்படும்.

உறவினரிடம் ஏரிஎம் அட்டையும் இரகசிய எண்ணும் கொடுத்துவிட்டுப் போவது பரவலான வழக்கம். பணத்தை எடுத்தவர் யார், எதற்காக என்பதற்கு அதிலும் தடமில்லை. வங்கிக்குத் தனியாக எழுதிய தத்துவம், எடுக்கும் தொகைக்கு எல்லை வைத்ததாக, இதற்குப் பொருத்தமானது. இறந்தபின் பணம் யாருக்கு என்பதைக் கணக்கில் பின்னுரித்தாளர் பெயர் குறித்து முடிவுசெய்யலாம். தத்துவம் அந்த வேலையைச் செய்யாது. பத்தாண்டு அசையாமல் கிடந்த வைப்பை வங்கிகள் மத்திய வங்கிக்கு மாற்ற வேண்டும் என்று வங்கித்தொழில் சட்டம் சொல்கிறது. பணம் அழிவதில்லை, வங்கி வழியாகக் கோரிப் பெறலாம். ஆனால் கணக்குப் புத்தகம் முள்ளிவாய்க்காலில் தொலைந்து, கணக்கு வைத்தவரும் இறந்திருந்தால், கோருவதற்கு எதைக் காட்டுவது என்பதே பிள்ளைகளின் பிரச்சினை.

தடம் எங்கே கிடைக்கும்

தொலைந்த உறுதியைப் பற்றிய அச்சம் பல வேளை மிகையானது. நொத்தாரிசுக் கட்டளைச் சட்டப்படி, ஒவ்வோர் உறுதியின் இரண்டாம் பிரதியையும் நொத்தாரிசு அடுத்த மாதம் 15ஆம் திகதிக்குள் காணிப் பதிவகத்துக்கு அனுப்ப வேண்டும். உறுதியின் இலக்கம், திகதி, நொத்தாரிசின் பெயர் ஆகியவற்றில் ஒன்றிரண்டு தெரிந்தாலும் சான்றுப்படுத்திய பிரதியைத் தேடி எடுக்கலாம். காணியின் தோம்பையும் பார்த்தால், உரித்தாளருக்குத் தெரியாமல் ஏதேனும் உறுதியோ ஈடோ ஏறியிருக்கிறதா என்பது தெரியும். ஊரில் உள்ள உறவினரிடம் நேரில் கேட்கத் தயங்கும் கேள்விக்குத் தோம்பு அமைதியாக விடை தரும். அதில் தடையறிவித்தல் பதிந்துவைத்தால், அந்தக் காணிக்குப் புதிய ஆவணம் பதிய வரும்போது உரித்தாளருக்கு அறிவிப்பு வரும்.

இன்னும் விடை காணாதவை

2025 மார்ச் 28இல் காணி நிர்ணயக் கட்டளைச் சட்டத்தின்கீழ் வெளிவந்த வர்த்தமானி அறிவித்தல், முல்லைத்தீவு உட்பட வடக்கின் நான்கு மாவட்டங்களில் ஏறக்குறைய 6,000 ஏக்கர் காணிக்கு உரிமை கோருவோர் மூன்று மாதத்துக்குள் முன்வர வேண்டும் என்றது. கடும் எதிர்ப்பின் பின் அது மீளப்பெறப்பட்டது. அறிவித்தல் செல்லாமற்போனாலும் அது வைத்த கேள்வி செல்லாமற்போகவில்லை. உரித்தாளர்களில் கணிசமானோர் கடல் கடந்து இருக்கும் மாவட்டத்தில், மூன்று மாதம் நியாயமான கால அவகாசமா? 1871ஆம் ஆண்டுச் சட்டம் கடல் கடந்தவருக்குத் தந்த சலுகை, ஆறு மாதம் கேட்கும் 1935ஆம் ஆண்டுச் சட்டத்திலும் மூன்று மாதம் கேட்கும் அறிவித்தல்களிலும் ஏன் இல்லை?

இதற்கு எதிர்வாதமும் எளிதில் ஒதுக்கத்தக்கதல்ல. வயலில் இருப்பவர், குளம் உடைத்தால் மண் போடுபவர், ஊரில் வரி கட்டுபவர், வராத ஒருவருக்காக எத்தனை ஆண்டு காத்திருக்க வேண்டும்? பேர்மிற் காணியின் நோக்கமே பயிரிடுபவர் கையில் நிலம் இருப்பது. போர் காரணமாகப் போனவருக்கும், விருப்பப்படி போய்க் குடியுரிமை பெற்றவருக்கும் ஒரே அவகாசம் தருவதா என்பதிலும் கருத்து ஒன்றுபடவில்லை. தேசவழமை எத்தனை தலைமுறைவரை வெளிநாட்டில் பிறந்தவர்களைத் தொடரும் என்பதையும் நீதிமன்றங்கள் இன்னும் பல வழக்குகளில் தீர்க்க வேண்டியிருக்கும். ரொறன்ரோவில் பிறந்த பேத்தியின் தண்ணீரூற்றுப் பங்கை விற்க அவளுடைய கணவரின் சம்மதம் கேட்பதா என்பது அவற்றுள் ஒன்று.